காயப்போட்ட வயிறு

அந்தத் தெருவில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ரொட்டி அண்ணன். அறுபதை எட்டிப் பிடிக்கப்போகும் பெரியவர்கள்கூட, "என்ன ரொட்டி அண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் கருகிடுச்சு போல?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கு வயது ஐம்பத்துநான்கு. கீழே பேக்கரி, மேலே வீடு. அடுப்பின் புகைக்குழாய் படுக்கையறைச் சுவரை ஒட்டியே மேலே போகும். அதனால் மழைக்காலத்திலும் அந்தச் சுவர் ஒரு ஆளின் முதுகைப் போலக் கதகதப்பாக இருக்கும்.

மனைவி ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று கடல் தாண்டிப் போனவள், குழந்தை பிறந்த பிறகும் அங்கேயே இருந்தாள். கடையைப் பார்த்துக்கொள்ள மனைவியின் தம்பி இருந்தான். இவரும் அவனை மச்சான் என்பார், அவனும் இவரை மச்சான் என்பான். இருவரும் சேர்ந்து மாவு பிசைவார்கள், வெந்ததைத் தட்டிலிருந்து கவிழ்ப்பார்கள், ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்வார்கள். அதில் பொழுது போய்விடும். வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போதுதான் கால் கனக்கும். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. மனைவி இருக்கும்போது, "செருப்பை வெளிய விடுங்க, மாவு மாவா வருது" என்று ஒரு குரல் வரும். அந்தத் திட்டுக்காகவே சில நாள் வேண்டுமென்றே செருப்போடு உள்ளே போய், வாசலுக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார். திட்ட ஆள் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் வயிறு கெட்டது. எதனால் என்று தெரியவில்லை. தெருவில் நாலைந்து பேருக்கு அதே மாதிரி வந்திருந்தது. ஒரு பகலும் இரவும் வாந்தி, பேதி. கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் தூரம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தகவல் தெரிந்ததும் பக்கத்துத் தெருவிலிருந்து அக்கா ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள்.

அக்கா வந்தால் அப்பீலே கிடையாது. அம்மா போனபோது அவருக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து இடுப்பில் தூக்கிச் சுமந்து, குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு, அழைத்து வந்து வளர்த்தவள் அவள்தான். அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அக்கா "டேய்" என்றால் முதுகு தானாக நிமிரும்.

வந்தவுடன் அவள் செய்த முதல் காரியம், சமையலறை மேசையில் இருந்த ரொட்டியை எடுத்து மேல் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தியதுதான்.

"வயித்தைக் காயப்போடணும்டா. லங்கணம் பரம ஔஷதம்னு சும்மாவா சொன்னாங்க? உள்ள ஒண்ணும் போகலேன்னா வெளிய ஒண்ணும் வராது. வெந்நீர் மட்டும் குடி."

முதல் நாள் அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சோறு என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டியது. அக்கா நீட்டிய வெந்நீரை வாய் வாயாகக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் வாந்தி நின்றது. பேதியும் குறைந்தது. அதற்கும் அடுத்த நாள் காலையில் பசி வந்தது.

வெறும் பசி என்றால் தாங்கிக்கொண்டிருப்பார். கீழே மச்சான் முதல் ஈட்டு ரொட்டியை அடுப்பிலிருந்து எடுக்கும் நேரம் அது. அந்த வாசனை தரையின் இடுக்கு வழியாக, ஜன்னல் வழியாக, கதகதப்பான சுவர் வழியாகவே வந்தது போல அறைக்குள் நிறைந்தது. முப்பது வருஷமாக அந்த வாசனையில் நின்று வேலை செய்த மனிதர் அவர். மீன்காரனுக்கு மீன் வாசனை எப்படியோ, அவருக்கு ரொட்டி வாசனை அப்படித்தான், இருந்ததே தெரியாது. அன்றைக்குத்தான் அது முதல் தடவையாக அவர் மூக்கில் ஏறியது. மேல் தோல் மொறுமொறுப்பது தனியாக வந்தது. உள்ளே ஈரமாக ஆவி விடுவது தனியாக வந்தது. கண்ணை மூடினால் கையில் அதன் கனம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஐம்பத்துநான்கு வயதில் ஒரு ரொட்டிக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"அக்கா, லேசா பசிக்குது."

"பசிச்சா நல்லதுதான். வயிறு சுத்தமாகுதுன்னு அர்த்தம்."

"ஒரு துண்டு ரொட்டி, சும்மா சுட்டு..."

"பசி பொய்டா. கொஞ்ச நேரம் இருந்தா தானா அடங்கிடும்."

அடங்கியது. பிறகு மறுபடி வந்தது. அன்று பகல் முழுக்க அவருக்கு நினைவெல்லாம் சாப்பாடுதான். அதுவும் விருந்துச் சாப்பாடு இல்லை. வெந்த உருளைக்கிழங்கை மனைவி கையால் நசுக்கி, உப்பு மட்டும் போட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் தருவாளே, அது. அவித்த முட்டையை உரிக்கும்போது அவள் ஓட்டைத் தட்டுகிற அந்தச் சின்னச் சத்தம். குழையக் குழைய வடித்த சோறு. எதை நினைத்தாலும் கடைசியில் அவள் கை வந்து நின்றது. பசி எது, ஏக்கம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் வலித்தன.

மாலையில் அவளிடமிருந்து ஃபோன் வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். உடம்பு சரியில்லாததை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே தூங்காமல் கிடக்கிறவளிடம் இதைப் போய் எதற்குச் சொல்வது என்று அக்காவும் தடுத்துவிட்டாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள். தினமும் கேட்கிற கேள்விதான்.

"ம், ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

வழக்கமாக "ஏதோ சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும். அன்று அவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நாக்கு தானாக அவிழ்ந்துகொண்டது.

"உருளைக்கிழங்கு வேகவெச்சு, நல்லா மசிச்சு, உப்பு போட்டு... சூடா. அப்புறம் ரொட்டி. ரெண்டு பக்கமும் லேசா சிவக்கற அளவுக்குச் சுட்டது, கடிச்சா நொறுங்கும் பாரு, அந்த மாதிரி. வெண்ணெய்கூட வேணாம்னு சொல்லிட்டேன். ஒரு முட்டை அவிச்சு ரெண்டா வெட்டி, மஞ்சக்கரு கொஞ்சம் மெத்துனு இருந்துச்சு. வாழைப்பழம் ஒண்ணு, நல்லா கனிஞ்சது..."

ஃபோனில் குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது.

"இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள். "என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்லையே."

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல, தின்னதைப் பத்தி நீங்க ஒரு வரி சொன்னதில்லை. வயிறு ரொம்பினவன் இப்படிப் பேச மாட்டான். எப்ப சாப்பிட்டீங்க கடைசியா?"

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார். அவள் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிவிட்டாள். பிறகு அவர் மேல் கோபப்படாமல், மெதுவாக, "தம்பிகிட்ட ஃபோனைக் குடுங்க" என்றாள். அந்த மெதுவான குரல்தான் அவரை என்னவோ செய்தது.

ஃபோனை எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மச்சான் மாவுக் கையோடு ஓடி வந்து பிடித்தான். ஃபோனைக் காதில் வைத்து நாலு வார்த்தை கேட்டான். "சரிக்கா, சரிக்கா" என்றான். கையைக் கழுவிக்கொண்டு, அவரைத் தோளில் சாய்த்து, தெருமுனையில் இருந்த டாக்டரம்மாவின் மருத்துவமனைக்கு நடத்திப் போனான். பின்னாலேயே அக்காவும் துணிப்பையை இடுக்கிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டு அது எப்படித் திரும்புகிறது என்று கவனித்தார்.

"மலத்துல ரத்தம் போச்சா?"

"இல்லைங்க."

"காய்ச்சல்? வயித்துல விடாம வலி?"

"இல்லை."

"ஒண்ணுக்குப் போறது?"

"கம்மியாத்தான் போகுது. மஞ்சளா இருக்கு."

"என்ன சாப்பிடறீங்க?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "வெந்நீர்" என்றாள்.

"வெந்நீர் மட்டுமா?"

"வயிறு கெட்டா காயப்போடறதுதானே முறை, டாக்டரம்மா? சாப்பிட்டா மறுபடி போகும்ல?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இதே கேள்விக்கு அன்றைக்கே எத்தனையோ தடவை பதில் சொன்னவர் போல நாற்காலியை அக்காவின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாந்தி எடுக்கும்போது சாப்பிட முடியாது, சரிதான். அப்ப வற்புறுத்த வேண்டாம். ஆனா தண்ணி மட்டும் போதாதும்மா. பேதியில உப்பும் சேர்ந்து போகுது. அதனால ஓ.ஆர்.எஸ். பொடி குடிக்கணும். அதுல இருக்கற சர்க்கரைதான் உப்பையும் தண்ணியையும் குடல்ல இருந்து உடம்புக்குள்ள இழுத்துட்டுப் போகும். வாந்தி நின்னு, பசின்னு அவரே கேட்டுட்டார்னா, அப்புறம் பட்டினி போட ஒரு காரணமும் இல்லை."

"குடலுக்கு ஓய்வு வேண்டாமா?"

"இந்த நோய்ல குடலோட உள்தோல்தான் அடிபடுது. அது நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை புதுசா வளர்ற தோல். அதுக்கு வேண்டிய சாப்பாட்டைப் பெரும்பாலும் அந்தக் குடல் வழியா போற சாப்பாட்டுல இருந்துதான் எடுத்துக்குது. நீங்க பட்டினி போட்டா வயிறு ஓய்வெடுக்கல, புண்ணு ஆற வழியில்லாம நிக்குது. ஆளும் துவண்டுபோறார். இப்ப படியில உக்காந்தாரே, அதுக்கு பாதி காரணம் தண்ணி கம்மி, பாதி காரணம் பசி."

அக்கா பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அதுக்காக ஒரே வேளையில வயிறு முட்டத் திங்கக் கூடாது," என்று டாக்டரம்மா இப்போது அவரைப் பார்த்தார். "கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், அவிச்ச முட்டை, எது பிடிக்குதோ அது. எண்ணெய், காரம் குறைச்சுக்குங்க. ரொம்ப இனிப்பான ஜூஸ், சோடா வேண்டாம், பேதியைக் கூட்டும். காபி, மது ரெண்டும் கூடாது. தாங்கத் தாங்க, ரெண்டு மூணு நாள்ல பழைய சாப்பாட்டுக்கே போயிடலாம்."

மச்சானுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "எங்க வயித்துல பாலை வார்த்தீங்க டாக்டர்!"

"பால் மட்டும் பாத்து," என்றார் டாக்டரம்மா. "சிலருக்குக் கொஞ்ச நாளைக்கு ஒத்துக்காது, வயிறு உப்பிக்கும். உப்பினா நிறுத்துங்க."

அப்போதுதான் டாக்டரம்மா கொஞ்சம் சிரித்தார். பிறகு குரலை மாற்றி, கண்டிப்பாக இன்னொன்றும் சொன்னார். பேதி முழுசாக நின்று இரண்டு நாள் ஆகும்வரை பேக்கரியில் கால் வைக்கக் கூடாது, மாவைத் தொடவே கூடாது. வீட்டில் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ரத்தம் போனாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, ஒன்றுக்கே போகாவிட்டாலோ உடனே வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து பொடியைக் கரைத்து வைத்துவிட்டு, கீழேயிருந்து ஒரு துண்டு ரொட்டியைச் சுட்டுக் கொண்டுவந்தான். வெண்ணெய் இல்லை, ஜாம் இல்லை. தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

அவர் உடனே எடுக்கவில்லை. ஜன்னலோரம் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டார். மெல்ல மெல்ல, வெறும் மாவும் உப்பும் நெருப்பும்தான் என்று முப்பது வருஷமாக அவர் நினைத்திருந்த அந்தப் பண்டத்துக்குள்ளிருந்து ஒரு இனிப்பு எழுந்து வந்தது. அதை விழுங்க மனம் வராமல் நாக்கிலேயே வைத்திருந்தார். இதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல அவள் பக்கத்தில் இல்லை என்பதும் கூடவே தோன்றியது.

அரைத் துண்டு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுட என்று உருண்டது. எழுந்து ஓட வேண்டியதாயிற்று.

திரும்பி வரும்போது அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "பாத்தியா? பாத்தியா? நான் சொன்னேன்ல? தின்னது அப்படியே வந்துடுச்சு! குடு அந்தத் தட்டை."

அவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இல்லக்கா. இப்ப தின்னது இப்பவே எப்படி வரும்? சாப்பாடு உள்ள போனா குடல் முழிச்சுக்கும், பழசைத் தள்ளும். போனது ஒரே ஒரு தடவை, அதுவும் கொஞ்சம். நான் மீதியைச் சாப்பிடறேன்."

"டேய், சொன்னா கேளு."

"சாப்பிடறேன்க்கா."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அக்கா சொன்னதை மறுத்து அவர் இதுவரை ஒரு சொல் சொன்னதே இல்லை. அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில், ஏதோ ரொம்ப தூரம் நடந்து வந்தவளைப் போல உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கும் இதேதான்டா வந்துச்சு," என்றாள்.

அம்மா எப்படிப் போனாள் என்று அவர் கேட்டதே இல்லை. அம்மாவின் முகமே அவருக்கு நினைவில்லை.

"கடைசி நாள் அம்மா கேட்டா. ஒரு வாய் ஏதாவது குடுடீன்னு கேட்டா. நான் கிண்ணத்தை எடுத்துட்டுப் போனேன். பெரியவங்க பிடுங்கிட்டாங்க. வயித்தைக் காயப்போடணும், குடுத்தா செத்துப்போயிடுவான்னாங்க. நான் குடுக்கல. அப்படியும் போயிட்டா." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "அவங்க சொன்னது சரின்னு நினைச்சுத்தான்டா இத்தனை வருஷம் ஓட்டினேன். அது தப்புன்னா, அம்மா பசியோட போனான்னு ஆயிடும்ல? சும்மா, ஒரு காரணமும் இல்லாம, பசியோட."

அம்மாவுக்கு வந்தது இதுவேதானா, வேறு ஏதாவதா, ஒரு கிண்ணம் சோறு அவளைக் காப்பாற்றியிருக்குமா, யாருக்குத் தெரியும்? தெரிந்தது போல ஆறுதல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"உனக்கு அப்ப பதினொரு வயசுக்கா," என்றார். "கிண்ணத்தை எடுத்துட்டுப் போனியே."

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். அவர் அம்மாவை நினைக்க முயன்றார். ஒரு இடுப்பின் சூடு மட்டும் நினைவுக்கு வந்தது. அதுகூட அம்மாவுடையதா அக்காவுடையதா என்று தெரியவில்லை. இல்லாத ஒரு முகத்துக்காக ஏங்குவது எப்படி என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

பிறகு அக்கா எழுந்து, முகம் கழுவி, சோப்புப் போட்டுக் கையும் கழுவி, சமையலறைக்குப் போனாள். உருளைக்கிழங்கு எங்கே இருக்கிறது என்று அங்கிருந்து சத்தம் போட்டாள். வேகவைத்து மசித்துக் கொண்டுவந்தாள். அதில் கட்டி கட்டியாக இருந்தது, உப்பும் தூக்கல். அவர் ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிட்டார். கிண்ணம் காலியாகும்வரை அவள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு எல்லாம் சுலபமாகவே நடந்தது. காலையில் பழம், கொஞ்ச நேரம் கழித்து ரொட்டி, மத்தியானம் குழைந்த சோறும் முட்டையும், நடுநடுவே அந்தக் கரைசல். ஆசை வெட்கமறியாது என்று ஒரு தடவை ஒரு டம்ளர் பால் குடித்துப் பார்த்தார், வயிறு மத்தளமாக உப்பியது. இரண்டு பேரும் சிரித்தார்கள், பாலை விட்டார்கள். பேதி நின்றது. நின்ற பிறகும் டாக்டரம்மா சொன்னபடி கடைக்குப் போகாமல், ஜன்னலில் உட்கார்ந்து, மச்சான் எல்லாவற்றையும் தப்புத்தப்பாகச் செய்கிறான் என்று மேலேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். அக்கா தன் வீட்டுக்குத் திரும்பினாள். போகும்போது, "பசிச்சா சாப்பிடு, காத்துட்டிருக்காத" என்று மட்டும் சொன்னாள்.

கடைக்கு இறங்கிய முதல் நாள் மாலையில் மனைவி கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஏதோ சாப்பிட்டேன்."

"அப்பாடா," என்றாள் அவள். "இப்பத்தான் நீங்க மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். வழக்கமாக இந்த இடத்தில், சரி வெச்சுடட்டுமா என்பார். அன்று அதைச் சொல்லவில்லை. குழந்தையைப் பற்றி அவள் சொன்னாள், தலை நிற்க ஆரம்பித்திருக்கிறதாம், ஆளைப் பார்த்துச் சிரிக்கிறதாம். மகள் திரும்ப வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எல்லாம் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். நியாயமான விஷயமும்கூட. அதனாலேயே இத்தனை மாதமாக அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

"எப்ப வருவ?"

அந்தப் பக்கத்தில் குழந்தையை யாரிடமோ கொடுக்கிற சத்தமும், ஒரு கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன.

"இத்தனை நாள் கேக்கவே இல்லையே நீங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது. "நீங்க ஒரு தடவை கேக்கணும்னு நானும் இருந்தேன்."

தேதி எதுவும் அவள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவரும் வற்புறுத்தவில்லை. ஃபோனை வைக்காமல் இரண்டு பேரும் ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்கள்.